கொழுந்துப் பாட்டை எழுத்தில் ஏற்றும்போது பிழை பார்ப்பது எப்படி?

கேள்வி: "ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரியவர்கள் பாடும் பழைய பாட்டுகளைப் போனில் பதிவு செய்து, தம்பி ஒருவர் டைப் பண்ணி வைத்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்குச் சின்னப் புத்தகமாகப் போடப் போகிறோம். பிழை பார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பேச்சு மொழியைத் திருத்தலாமா? வரியை எங்கே உடைப்பது? ஒரே பல்லவி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது, எது சரி என்று எப்படி முடிவெடுப்பது?"

பதில்:

எழுத்துப் பிழையை முதலில் தேடாதீர்கள். பாட்டில் அது கடைசி வேலை. என்ன பாடப்பட்டது என்பது முதலில் உறுதியாக வேண்டும். அடுத்தது வரி, அதற்கடுத்தது பல்லவி, அதன் பிறகுதான் எழுத்து. இந்த ஒழுங்கை மாற்றினால் திருத்தின வரியையே மறுபடி உடைக்க வேண்டி வரும், உடைத்த பிறகு ஒற்றெழுத்தை மறுபடி பார்க்க வேண்டி வரும்.

விளக்கத்துக்காக ஒரு சின்னப் பாட்டை நானே கட்டிக்கொள்கிறேன். போனில் கேட்டு, போனிலேயே டைப் பண்ணினால் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்:

கூடை எடுத்துகிட்டு வாடி
புள்ள நம்ம ஓடை கறை
நிறை காத்திருக்கு (2)
பணியும் விலகல மழைமேல
கங்காணி இனியும்
பொறுப்பாரோ எந்திரிடி
கூடை எடுத்துக்கிட்டு வாடி புள்ளே
நம்ம ஓடைகரை நெறை காத்திருக்கு
வலியும் வழுக்குது மலையில ரெண்டு
குழியும் கிடக்குது பாத்து நட
(கூடை....)
நிருத்து பாக்கையில் குரையுதடி அதை
பொருத்து போறது நம்ம விதி
கூடை எடுத்துகிட்டு வாடி புள்ள (2)

இதைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேளுங்கள். போன் பிளேயரில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சொற்கள் பிரிந்து கேட்கும். அதற்கும் கீழே போனால் உயிரெழுத்துகள் இழுபட்டுக் குறில் நெடில் குழம்பும். முதல் தடவை கேட்கும்போது எதையும் திருத்தாமல், பாட்டும் எழுத்தும் ஒத்துப்போகாத இடங்களில் கோடு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

வரியை எதுகை காட்டிக் கொடுக்கும்

மேலே உள்ள முதல் மூன்று வரிகளைப் பாருங்கள். "வாடி" என்ற இடத்தில் வரி உடைந்ததற்குக் காரணம் பாட்டு இல்லை, போன் திரையின் அகலம். திரை ஓரத்துக்கு வந்ததும் தம்பி எண்டர் தட்டியிருக்கிறார். கணினிக்கு மாற்றினாலும் அந்த உடைப்பு அப்படியே தங்கிவிடும்.

நாட்டுப் பாட்டில் வரி எங்கே தொடங்குகிறது என்பதைப் பாட்டே சொல்லும். ஒவ்வொரு அடியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். கூடை, ஓடை. பனியும், இனியும். வழியும், குழியும். நிறுத்து, பொறுத்து. எதுகை பொருந்தி வரும் சொல் எதுவோ அங்கேதான் அடி தொடங்குகிறது. இந்தச் சோடிகளைப் பென்சிலால் வட்டமிட்டாலே வரி அமைப்பில் பெரும்பகுதி தெளிந்துவிடும். எதுகை கிடைக்காத அடிகளில் மோனையைப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் கைதட்டிப் பாடச் சொல்லுங்கள். கும்மியாக இருந்தால் தட்டு ஒரு சுற்று முடிகிற இடம் அடியின் முடிவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "நம்ம", "கங்காணி", "ரெண்டு", "அதை" ஆகிய சொற்கள் இரண்டு அடிக்கும் நடுவில் தொங்குகின்றன. பாடுகிறவர் முதல் அடியை முடித்து, இந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அடுத்த அடிக்குள் இறங்குகிறார். இதை இரண்டாம் அடியின் தலையில் வைத்தால் எதுகை மறைந்துவிடும். "நம்ம ஓடைக்கரை" என்று தொடங்கும் வரியைப் படிக்கிறவருக்குக் "கூடை" நினைவுக்கு வராது. ஆகவே முதல் அடியின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டு அதற்குப் பின்னால் வையுங்கள். புத்தகம் முழுக்க அந்தக் கோடு ஒரே கோடாக இருக்கட்டும். ஒரு பாட்டில் சின்னக் கோடு, இன்னொன்றில் பெரிய கோடு, வேறொன்றில் மூன்று புள்ளி என்று வந்தால், மூன்றுக்கும் பொருள் வேறு என்று வாசிப்பவர் நினைப்பார்.

பல்லவி: ஒன்றாக்குவதற்கு முன் எண்ணுங்கள்

நம் பாட்டில் பல்லவி மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, ஓர் இடத்தில் "(கூடை....)" என்று சுருக்கப்பட்டிருக்கிறது. ஆக நான்கு. ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லாததால் வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும். எல்லாப் பல்லவியையும் வெட்டி எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள்:

கூடை எடுத்துகிட்டு வாடி புள்ள நம்ம ஓடை கறை நிறை காத்திருக்கு
கூடை எடுத்துக்கிட்டு வாடி புள்ளே நம்ம ஓடைகரை நெறை காத்திருக்கு
(கூடை....)
கூடை எடுத்துகிட்டு வாடி புள்ள

இப்போது எல்லாம் வெளியே வந்துவிட்டது. "எடுத்துகிட்டு", "எடுத்துக்கிட்டு". "புள்ள", "புள்ளே". "கறை", "கரை". "நிறை", "நெறை". பதிவைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். இந்தத் தாள் அடுத்த பாட்டுக்கும் வேண்டும். ஏனென்றால் இதே "புள்ளே" இன்னும் பல பாட்டில் வரும்.

ஆனால் எல்லா வித்தியாசமும் பிழை ஆகாது. நான்காவது பல்லவியைப் பதிவில் கேட்டால், பாட்டி பாடுவது இது என்று வைத்துக்கொள்வோம்:

கூடை எறக்கிவச்சு வாடி புள்ளே – நம்ம
ஓடைக்கரை லயம் காத்திருக்கு

காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனவள், நிறுவை முடிந்து மாலையில் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்கு வருகிறாள். பாட்டின் கதை அந்த ஒரு மாற்றத்தில்தான் முடிகிறது. டைப் பண்ணினவர் "பழைய பல்லவிதானே" என்று நினைத்து மேலே இருந்ததைப் பாதி எழுதி (2) போட்டுவிட்டார். நீங்களும் எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் பாட்டு மாலைக்கு வராமலே நின்றுவிடும்.

வேண்டுமென்று பாடின மாற்றத்தையும் தவறிப்போன மாற்றத்தையும் பிரித்தறிய இரண்டு அடையாளம் பார்க்கலாம். மாறின சொல் முந்தின சரணத்தோடு பொருளில் பொருந்துகிறதா? திரும்பப் பாடச் சொன்னால் அதே இடத்தில் அதே மாற்றம் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பாட்டின் பகுதி. "நம்ம" என்பது ஒரு தடவை "எங்க" என்று வந்து, மறுதடவை பாடும்போது வராவிட்டால் அது அந்த நேரத்து நாக்கு. அதைப் பெரும்பான்மை வடிவத்துக்கு மாற்றிவிடலாம்.

அதனால்தான் "(கூடை....)" மாதிரிச் சுருக்கத்தை நான் விரும்புவதில்லை. அது இருக்கிற இடத்தில் முழுப் பல்லவியையும் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. பிழை பார்க்கும் கட்டத்தில் எல்லாப் பல்லவியையும் முழுதாக எழுதிவிடுங்கள். இடம் போதாவிட்டால் அச்சுக்குப் போகும் முன் ஒன்றுபோல இருப்பவற்றை மட்டும் சுருக்குங்கள். மாறி வருகிற கடைசிப் பல்லவி கட்டாயம் முழுதாக நிற்க வேண்டும்.

கணினி இருந்தால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் பாட்டை ஒட்டுங்கள். வரிக்கு ஒரு கட்டமாக A நிரலில் விழும். B1 கட்டத்தில் இதைக் கொடுத்துக் கீழே இழுங்கள்:

```
=SUMPRODUCT(--EXACT($A$1:$A$60,A1))
```

ஒவ்வொரு வரியும் அதே எழுத்துகளோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கை வரும். (60 வரிக்கு மேல் இருந்தால் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள்.) நம் பாட்டில் "கூடை எடுத்துக்கிட்டு" என்று தொடங்கும் அடிக்கு நேரே மூன்று இடத்திலும் 3 வர வேண்டும், "கூடை எறக்கிவச்சு" அடிக்கு 1. முதல் அடிக்கு 2, 2, 1 என்று வந்தால் எங்கோ ஒன்று பிசகியிருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தும் எண்ணிக்கை சேராவிட்டால் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கலாம், அல்லது "ா" வர வேண்டிய இடத்தில் "ர" தட்டியிருக்கலாம். பல எழுத்துருக்களில் இவை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தேடிக்கொண்டிருக்காமல் சரியான வரியை நகலெடுத்து அதன் மேல் ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் 4 என்று அழகாக வந்தால் அப்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பல்லவியை டைப் பண்ணி மற்ற இடங்களில் ஒட்டியிருப்பார்கள். எண்ணிக்கை எழுத்தின் ஒழுங்கைத்தான் காட்டும். என்ன பாடப்பட்டது என்பதற்குப் பதிவு மட்டுமே சாட்சி.

(2) என்ற குறி இன்னொரு தலைவலி. இரண்டாம் அடியின் முடிவில் (2) போட்டால் அந்த அடி மட்டும் இருமுறையா, இரண்டு அடியும் சேர்ந்து இருமுறையா? ஒரு முடிவு எடுத்து முன்பக்கத்தில் எழுதுங்கள். அடியின் முடிவில் உள்ள (2) அந்த அடிக்கு மட்டும். இரண்டு அடியும் திரும்ப வருமானால், கீழே தனி வரியில் "இரண்டடியும் இருமுறை" என்று வரட்டும். "தன்னானே", "தனனா" போன்ற சந்த எழுத்துகளையும் இதே கண்ணால் பாருங்கள். அவற்றுக்கு அகராதி இல்லை, பாடும் நீளம்தான் அளவு. ஒரு "னா" கூடினால் தாளம் ஒரு தட்டு தள்ளிப்போகும்.

பேச்சு மொழியில் எதைத் தொடலாம்

"புடிச்சு" என்பதைப் "பிடித்து" என்று திருத்தக் கூடாது. "எந்திரிடி"யை "எழுந்திருடி" ஆக்கக் கூடாது. ஓசை மாறினால் பாட முடியாது. பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, காம்பரா, பிள்ளைமடுவம் போன்ற தோட்டத்துச் சொற்களையும் வெளியூர்த் தமிழுக்கு மாற்ற வேண்டாம். ஒரே சொல்லைப் பிரட்டு, பெரட்டு என்று இரண்டு விதமாக எழுதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் ழ, ள, ல வேறு விஷயம். பலர் "கொழுந்து" என்பதைக் "கொளுந்து" என்றுதான் உச்சரிப்பார்கள். காதில் விழுவதை அப்படியே எழுதினால் "மழை" என்பது "மளை" ஆகிவிடும். எனவே சொல்லின் உருவமே மாறியிருந்தால் (பிடித்து, புடிச்சு) பாடினபடி எழுதுங்கள். உருவம் அதேதான், ஓர் எழுத்தின் உச்சரிப்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் (கொழுந்து, கொளுந்து) வழக்கமான எழுத்தைப் போடுங்கள்.

இதை "நெரை"யில் பார்க்கலாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருவருக்குக் கொழுந்தெடுக்கப் பிரித்துக் கொடுக்கிற வரிசை அது. மூலச்சொல் "நிரை". பாட்டி "நெரை" என்கிறார். அந்த "நெ" அப்படியே இருக்கட்டும். டைப் பண்ணினவர் இதை ஓரிடத்தில் "நிறை" என்றும் இன்னோரிடத்தில் "நெறை" என்றும் எழுதியிருக்கிறார். நிறை என்றால் எடை, அல்லது நிறைவு. எடை போடுகிற பாட்டில் எடை என்ற பொருளுள்ள சொல் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் ஆபத்து.

மலைநாட்டுப் பாட்டில் திரும்பத் திரும்ப மாறிப்போகும் சோடிகள் சில உண்டு. மலை, மழை. பனி, பணி. வழி, வலி. கரை, கறை. ஏறி, ஏரி. எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் ஒன்றையும் பிடிக்காது. மாறாக "எறக்கிவச்சு" போன்ற சரியான பேச்சுச் சொல்லின் கீழ் சிவப்புக் கோடு போடும். போன் கீபோர்டின் சொல் பரிந்துரை இன்னும் மோசம். இரண்டு எழுத்து தட்டியதும் தானாக ஒரு சொல்லை நீட்டும், அவசரத்தில் அதைத் தொட்டுவிடுவார்கள்.

நம் பாட்டில் "பணியும் விலகல" என்பது "பனியும்". "மழைமேல" என்பது "மலைமேல". "வலியும் வழுக்குது" என்பது "வழியும்", கீழே உள்ள "குழியும்" அதற்குச் சாட்சி. "நிருத்து" என்பதை "நிறுத்து" என்றும், "பொருத்து" என்பதைப் "பொறுத்து" என்றும் எழுத வேண்டும். "குரையுதடி" என்று விட்டால் தராசு நாயைப் போலக் குரைக்கும். அது "குறையுதடி".

"வழுக்குது மலையில" என்ற இடம்தான் கடினம். மலையில் வழுக்கும், மழையிலும் வழுக்கும். இரண்டும் பொருந்தும், எதுகையும் உதவாது, பதிவிலும் ஒலி தெளிவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ரசனைப்படி முடிவெடுக்காதீர்கள். பாடினவரிடம் கேளுங்கள். கேட்கும்போது "மலையா, மழையா" என்று கேட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் அவர் காதில் விழும். "பாட்டி, எதனால வழுக்குது?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்துவிடும். "மழை பேஞ்சா வழுக்காதா?" என்று அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு "மழையில" என்று போடுகிறேன்.

"பாக்கையில்" என்பதில் உள்ள "ல்" பாட்டியுடையது இல்லை, டைப் பண்ணினவர் பள்ளிக்கூடத்தில் கற்றது. மற்ற இடங்களில் "மலைமேல", "மழையில" என்று வருவதால் இதுவும் "பாக்கையில" ஆக வேண்டும்.

ஒற்றெழுத்து

இதில் இலக்கணம் முழுக்கத் தேவையில்லை. இந்த வகைப் பாட்டில் அடிக்கடி வருவது ஒரு செயல் முடிந்து இன்னொரு செயல் தொடரும் இடம். "பறிச்சு", "நிறுத்து", "பொறுத்து" போலக் கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின ஒற்று உள்ள சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: பறிச்சுப் போட்டா, நிறுத்துப் பாக்கையில. "ஏறி" போல இகரத்தில் முடிந்தாலும் மிகும்: ஏறிப் போனா. "கொண்டு", "வந்து" போல மெல்லினத்துக்குப் பின் முடிந்தால் மிகாது: கொண்டு போனா, வந்து சேந்தா. "கூடை கட்டி" என்பதில் மிகாது, "கூடையைக் கட்டி" என்றால் மிகும்.

அடியின் முடிவில் நிற்கும் சொல்லுக்கு ஒற்று போடலாமா என்ற கேள்வி வரும். பாடுகிறவர் மூச்சு விடாமல் அடுத்த அடிக்குள் போனால் போடுங்கள்: "அதைப்" என்று முடித்துப் "பொறுத்து" என்று தொடங்கலாம். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினால் ஒற்று வேண்டாம். சொற்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இதே மாதிரிதான். "கொழுந்து எடுத்து" என்று பிரித்துப் பாடினால் பிரித்தும், "கொழுந்தெடுத்து" என்று பாடினால் சேர்த்தும் எழுத வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பாட்டு இப்படி நிற்கும்:

கூடை எடுத்துக்கிட்டு வாடி புள்ளே – நம்ம
ஓடைக்கரை நெரை காத்திருக்கு
இரண்டடியும் இருமுறை

பனியும் விலகல மலைமேல – கங்காணி
இனியும் பொறுப்பாரோ எந்திரிடி

கூடை எடுத்துக்கிட்டு வாடி புள்ளே – நம்ம
ஓடைக்கரை நெரை காத்திருக்கு

வழியும் வழுக்குது மழையில – ரெண்டு
குழியும் கிடக்குது பாத்து நட

கூடை எடுத்துக்கிட்டு வாடி புள்ளே – நம்ம
ஓடைக்கரை நெரை காத்திருக்கு

நிறுத்துப் பாக்கையில குறையுதடி – அதைப்
பொறுத்துப் போறது நம்ம விதி

கூடை எறக்கிவச்சு வாடி புள்ளே – நம்ம
ஓடைக்கரை லயம் காத்திருக்கு
இரண்டடியும் இருமுறை

அச்சகத்துக்குப் போகும் முன்னும் பின்னும்

ஏ4 தாளை மடித்துப் போடும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் மிக நீளமான வரியைக் கண்டுபிடித்து, அது அந்தப் பக்க அகலத்தில் உடையாமல் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடங்காவிட்டால் அந்தப் பாட்டின் எழுத்தளவை அரைப் புள்ளி குறைக்கலாம். அப்படியும் உடைந்தால், மிஞ்சின துண்டை நன்றாக உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அது புது அடி இல்லை என்று தெரியும். பல்லவியின் ஓரடி ஒரு பக்கத்திலும் மறு அடி அடுத்த பக்கத்திலும் விழக் கூடாது.

நம்மூர் அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் யூனிகோடில் கொடுத்ததை அவர்கள் மாற்றுவார்கள், அல்லது திரும்ப டைப் பண்ணுவார்கள். எப்படியானாலும் நீங்கள் சரிபார்த்த பிரதி அதோடு செல்லாது. புரூஃப் வாங்கி மறுபடி பாருங்கள். மாற்றும்போது கெடும் இடங்கள் பெரும்பாலும் "கௌ" போன்ற எழுத்துகள், "ஸ்ரீ", ஜவும் ஐயும் மாறும் இடம், வரி முடிவில் உள்ள கோடு. "கௌரி" என்பது "கெளரி" என்று "ள" வந்து நிற்கும். கோயில் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இவை வரக்கூடியவை.

புரூஃபை நீங்கள் தனியாகப் படிக்காதீர்கள், உங்களுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். பாட்டுத் தெரியாத ஒரு பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, பதிவை எழுதி எடுத்த உங்கள் பிரதியை நீங்கள் பாருங்கள். பிள்ளை தடுக்கும் இடத்தில் வரி தவறாக உடைந்திருக்கும், அல்லது ஒற்று விட்டிருக்கும். திருத்தம் கொடுத்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் பார்க்காமல் அந்தப் பாட்டு முழுவதையும் பாருங்கள். ஒரு வரியைத் திருத்தும்போது அடுத்த வரி மேலே ஏறிச் சேர்ந்துவிடுவது அச்சகத்தில் சாதாரணமாக நடப்பது.